குக்கருக்கு ஒரு லாக் ஷீட்

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடி வரதன் வீட்டுக் குக்கர், இரண்டாயிரத்து இரண்டாம் வருஷம் ஜனவரி மாதம் விசில் அடிப்பதை நிறுத்திவிட்டது. அதைக் கண்டுபிடித்தவள் அவன் மனைவி ரமாபாய். ஆனால் இந்த மாதிரி விஷயங்களில் பேசுகிற உரிமை வரதனுக்குத்தான். அவன் சாமானியப்பட்டவன் இல்லை, மணலியில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் பாயிலர் அட்டெண்டண்ட். அரசாங்கம் பரீட்சை வைத்துக் கொடுத்த சர்டிஃபிகேட்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு, கூடத்தில் புத்தர் படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டி வைத்திருந்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் உட்கார வேண்டும்.

"யோவ், ஓரமெல்லாம் புஸ்ஸு புஸ்ஸுன்னு ஆவி போயிகினே கீது. விசிலே வர்ல. பருப்பு வேகறதுக்குள்ள தண்ணி சுண்டிப் பூடுது" என்று ரமாபாய் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். வியாசர்பாடியிலேயே ஒரு பனியன் கம்பெனிக்குக் காலை எட்டரைக்குள் போய்ச் சேர வேண்டியவள் அவள். பருப்புக்காக முக்கால் மணி நேரம் காத்துக்கொண்டிருந்தால் யார் அவளுக்காகக் கேட்டைத் திறந்து வைப்பார்கள்?

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வரதனுக்கு மனசு வந்தது. மூடியை எடுத்தான், கேஸ்கட்டை உருவினான், இரண்டு விரலால் மடக்கிப் பார்த்தான். ரப்பர் விறைத்துப்போய் இரண்டு இடத்தில் வெடித்திருந்தது.

"இன்னாமே இது, ரப்பரா எலும்பா? இத்த வெச்சிகினு எப்புடி பிரஷர் ஏறும்? ஆவி அல்லாம் ஓரத்துல பூட்டா விசிலுக்கு இன்னா மிச்சம் கீது?"

சும்மா சொல்லக் கூடாது, அந்த மட்டும் அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கடைக்குப் போய் அதே அளவில் புது கேஸ்கட் வாங்கி வந்து, ஒரு சுருக்கம் இல்லாமல் மாட்டி, அழுத்திப் பார்த்து, கையைத் தட்டிக்கொண்டான். வேலை முடிந்தது என்று ரமாபாயும் நம்பினாள். அவளும் என்ன செய்வாள், பாவம்.

அவன் பார்க்காமல் விட்டது ஒன்று உண்டு. மூன்று மாதமாக ஆவியெல்லாம் ஓரத்து வழியாகப் போய்க்கொண்டிருந்ததால், மூடிக்கு நடுவில் வெயிட்டைத் தாங்கி நிற்கிற விசில் குழாய் வழியாக ஆவி வேகமாகப் போகவே இல்லை. பருப்பு நுரை மட்டும் மெல்ல அதில் ஏறி, காய்ந்து, மறுபடி ஏறி, மறுபடி காய்ந்து, உள்ளே படிந்துகொண்டே வந்தது. கிழிந்த கேஸ்கட்தான் அத்தனை நாளும் அந்த வீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று சொன்னால் வரதன் சண்டைக்கு வந்திருப்பான்.

திங்கட்கிழமை காலை வரதன் ஷிஃப்டுக்குப் போயாகிவிட்டது. ரமாபாய் துவரம்பருப்பைப் போட்டு, நாலு டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூடி, வெயிட்டைப் போட்டாள். ஓரத்தில் ஒரு பொட்டு ஆவி இல்லை. அடடா என்று சந்தோஷப்பட்டாள். அஞ்சு நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று, விசிலும் இல்லை. என்ன இது, ஒரேயடியாக ஊமையாகிவிட்டதே என்று அடுக்களை வாசலுக்கு வந்தாளோ இல்லையோ, மூடியில் இருந்த சேஃப்டி வால்வு பிளக் உருகி, அந்த ஓட்டை வழியே எல்லாம் பீய்ச்சியது. பருப்பு கூரைக்குப் போயிற்று. ஆவி போட்ட கூச்சலில், தூங்கிக்கொண்டிருந்த மகள் மகிழினியை இழுத்துக்கொண்டு ரமாபாய் நடைபாதைக்கு ஓடிவிட்டாள். சத்தம் அடங்கி, உள்ளே போய் அடுப்பை அணைப்பதற்குக் கால் மணி நேரம் ஆகிவிட்டது. அதற்குள் மிச்சமிருந்த தண்ணீரும் ஓட்டை வழியே ஆவியாகி, அடியில் பருப்பு கருகிக் கறுப்பாய் ஒட்டியிருந்தது.

மூன்று மணிக்கு வரதன் வந்தான். கூரையைப் பார்த்தான், பிளக்கில் இருந்த ஓட்டையைப் பார்த்தான், கருகின அடியைப் பார்த்தான். அவனுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

"லோ வாட்டர்" என்றான்.

"இன்னா?"

"தண்ணிய காய வுட்டுகீற."

"நாலு டம்ளர் ஊத்துனேன்யா! வெடிச்ச அப்பாலதான் சுண்டிச்சி!"

"எங்கிட்டியே கத வுடாத ரமா. இருவது வருசமா பாயிலர் பாக்கறேன். பிளக்கு எப்ப உருவும்னு எனக்குத் தெர்யாதா?"

அவனுக்குத் தெரிந்தது பாயிலரின் பிளக். நெருப்புக்கு நேர் மேலே, தண்ணீருக்கு அடியில் இருக்கிற பிளக் அது. மேலே தண்ணீர் நிற்கிற வரைக்கும் அதற்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் மட்டம் இறங்கினால்தான் உருகும். அதனால் பாயிலர் அறையில் பிளக் உருகியது என்றால் ஒரே அர்த்தம், ஆபரேட்டர் தூங்கிவிட்டான். விசாரணை வரும், சர்டிஃபிகேட் பறிபோகும். இருபது வருஷத்தில் வரதன் கையில் ஒரு பிளக் உருகினதில்லை. தன் வீட்டிலேயே உருகிவிட்டதே என்று அவனுக்கு உண்மையாகவே அவமானமாக இருந்தது.

அவமானத்தில் அவன் செய்த முதல் வேலை, மகிழினியிடம் ஒரு வெள்ளைத் தாளில் கோடு போடச் சொன்னது. பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு லீவில் இருந்த பெண், ஸ்கேல் வைத்து அழகாகப் போட்டுக் கொடுத்தாள். தேதி, தண்ணீர் எத்தனை டம்ளர், ஏற்றிய நேரம், விசில், இறக்கிய நேரம், குறிப்பு, கையெழுத்து. பாயிலருக்கு எழுதுகிற மாதிரியே குக்கருக்கு ஒரு லாக் ஷீட்! முதல் வரியை வரதனே நிரப்பினான். "வாட்டர் லெவல் குறைவு. பிளக் உருகியது. ஆபரேட்டர் கவனக்குறைவு." கீழே கையெழுத்துப் போட்டு, அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டான்.

"ஆபரேட்டர் யாருய்யா?" என்று ரமாபாய் கேட்டாள்.

"நீதாமே."

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெடித்தபோதுகூட வரவில்லை.

விஷயம் வீட்டோடு போயிருந்தால் அவள் இரண்டு நாளில் மறந்திருப்பாள். அந்தப் பிளாக்கில் எது வீட்டோடு போகிறது? முதல் மாடி பட்டம்மாள், மகளிர் குழுத் தலைவி, கூரையைப் பார்க்க வந்தாள். பார்த்துவிட்டு லாக் ஷீட்டையும் படித்தாள். வருஷா வருஷம் புத்த பூர்ணிமாவுக்குத் தெருமுனை விகாரையில் இருநூறு பேருக்குச் சாப்பாடு போடுவார்கள். ஆறு வருஷமாகச் சாம்பார் ரமாபாயின் கைப்பக்குவம். அதைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறவர்கள் உண்டு. அந்த ஒரு நாளைக்காக அவள் பனியன் கம்பெனியில் லீவு சேர்த்து வைப்பாள்.

பட்டம்மாள் கீழே இறங்கும்போது படியில் நின்று சொன்னாள். "ரமா, தப்பா நெனச்சிக்காத. இந்த வாட்டி சாம்பாருக்கு வேற யாரையாச்சும் பாக்கறேன். நீ வெங்காயம் உரிச்சிக் குடு போதும். மூணு பேரு பருப்புக்கே தண்ணி காஞ்சி பூச்சின்னா, எர்நூறு பேருதுல எதுனா ஆச்சின்னா குழுவுக்குத்தான் கெட்ட பேரு."

ரமாபாய் உள்ளே வந்தாள். வெங்காயம்! ஆறு வருஷம் கரண்டி பிடித்த கைக்கு வெங்காயம்! அவள் தண்ணீர் ஊற்றினாள் என்று ஒரே ஒரு ஆள் சொன்னால் போதும். அந்த ஆள் கூடத்தில் உட்கார்ந்து தன் சர்டிஃபிகேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

புதுப் பிளக் கடையில் கிடைக்கும் என்று ரமாபாய் சொன்னாள். வரதன் கையை ஆட்டி அதை ஒதுக்கினான். பாயிலர் பிளக்கை யாராவது தூக்கிப் போடுவார்களா? உருகின உலோகத்தைச் சுரண்டிவிட்டு, புதுசாகத் தகரம் உருக்கி ஊற்றுவார்கள். கம்பெனி ஒர்க்ஷாப்பில் அவனுடைய தோஸ்து டில்லிபாபு, ஃபிட்டர், மதிய இடைவேளையில் அந்தக் குட்டிப் பிளக்கை அப்படியே செய்து கொடுத்தான். சுத்தமான தகரம், அரம் வைத்து ராவி, துணி வைத்துத் தேய்த்து, மின்னிற்று. மூடியில் அதை முடுக்கிவிட்டு வரதன் சொன்னான்: "கடையில விக்கிறது அல்லாம் சொத்த. இது கம்பெனி வேல. தகரம் உருவணும்னா எர்நூத்தி முப்பத்திரெண்டு டிகிரி வேணும். லேசுல அசையாது."

அதுதான் வினை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

புது வாரம் பிறந்தது. ஒட்டின பருப்பு போகட்டும் என்று முந்தின ராத்திரி முழுக்க ரமாபாய் மூடியைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டதாலோ என்னவோ, குக்கர் நல்லபடியாகவே விசில் அடித்தது. ரமாபாய் பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் லாக் ஷீட்டை நிரப்பினாள். தண்ணீர் நாலு டம்ளர், கையெழுத்து. வரதன் தினமும் மூன்று மணிக்கு வந்து, சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தண்ணீர்ப் பத்தியை மட்டும் பார்ப்பான். நாலு, நாலு, நாலு, நாலு. "இப்பொ பாத்தியா, ஒயுங்கா ஊத்துனா ஒரு பேஜாரும் இல்ல" என்பான்.

தண்ணீர்ப் பத்திக்கு இரண்டு பத்தி தள்ளி இருந்த எண்களை அவன் பார்க்கவில்லை. எழுதுகிறவள் பார்த்தாள். அதே பருப்பு, அதே தண்ணீர், அதே இருபது நிமிஷம். திங்கள் நாலு விசில். செவ்வாய் நாலு. புதன் மூன்று. வியாழன் இரண்டு. வெள்ளி இரண்டு, அதுவும் இழுத்துக்கொண்டு. சனிக்கிழமை ஒன்றே ஒன்று, மூச்சு வாங்கின மாதிரி.

சனிக்கிழமை சாயங்காலம் பனியன் கம்பெனி விட்டதும் ரமாபாய் வீட்டுக்கு வரவில்லை. காலையிலேயே லாக் ஷீட்டை மடித்து இடுப்புப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். நேரே கொருக்குப்பேட்டைக்குப் போனாள். அங்கே ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் தங்கபுஷ்பத்தின் பாத்திரக்கடை. சாத்தான்குளத்துக்காரி, புருஷன் வெள்ளத்துரை மொத்த வியாபாரம் பார்க்க, கடையையும் குக்கர் ரிப்பேரையும் இவள் பார்க்கிறாள். கவுன்ட்டருக்குப் பின்னால் பழைய மூடிகள் கம்பியில் கோத்துத் தொங்கும்.

"வாங்கக்கா. மூடியக் கொண்டுவரலியா?"

"மூடி இல்ல. இத்த கொண்டாந்தேன்."

தங்கபுஷ்பம் தாளை வாங்கி விரித்தாள். பத்தி பத்தியாகப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"எந்த ஆஸ்பத்திரில இந்தச் சீட்டுத் தந்தாவ?"

"எங்க வூட்டுக்காரரு. பாயிலர்ல கீறாரு."

"ஆளு கெட்டிக்காரர்தான். குக்கரோட நோவை நாள் கணக்கா எழுதி வச்சிருக்காரே! நாலு, நாலு, மூணு, ரெண்டு, ரெண்டு, ஒண்ணு. யக்கா, இது விசில் குழாய் அடைஞ்சிக்கிட்டே வருது. இதுல என்ன சந்தேகம்?"

ரமாபாய் தாளின் மேல் குனிந்தாள். "தண்ணி கம்மியானா?"

"தண்ணிக்கும் இதுக்கும் என்ன இருக்கு? நான் சொல்லுதேன் கேளுங்க. விசில் வரலேன்னா முதல்ல ஓரத்தப் பாக்கணும். ஓரத்துல ஆவி போச்சுன்னா கேஸ்கட் போச்சு. மாத்திட்டாச் சரி, பயமில்ல. ஓரத்துலயும் ஆவி இல்ல, விசிலும் இல்லேன்னா, அதுதான் பயம். ஆவி போக வழியில்லாம உள்ள அடைஞ்சு நிக்குன்னு அர்த்தம். உடனே அடுப்ப அணைச்சிட்டுத் தள்ளி நிக்கணும். குழாய் அடைஞ்சா உள்ள சூடு ஏறும், சேஃப்டி வால்வு உருகும். தண்ணி முட்ட முட்ட இருந்தாலும் உருகும்."

"தண்ணி இருந்தாலும் உருவுமா?"

"பின்னே? அதுக்குத்தான அத வச்சிருக்கு. தண்ணி காஞ்சாலும் உருகும், குழாய் அடைச்சாலும் உருகும்."

ரமாபாய் அப்படியே கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் தண்ணீர் ஊற்றினாள் என்று சொல்ல, பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ஆள் கிடைத்தாயிற்று. அப்புறம்தான் அடுத்த கேள்வி வந்தது. "அதுக்கு அப்பால வால்வு மாத்துனீங்களா?" என்று தங்கபுஷ்பம் கேட்டாள். கம்பெனியில் தகரம் ஊற்றியதை ரமாபாய் சொன்னாள்.

தங்கபுஷ்பத்தின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது.

"ஏசப்பா! அடைச்சா வச்சிருக்கிய? ஊத்தப்படாதுக்கா, ஊத்தவே கூடாது. அதுல உள்ளது தனிக் கலவை, கொஞ்சம் சூடு கூடினா உருகுதாப்ல செஞ்சது. தகரம் உருகுத வரைக்கும் குக்கர் தாங்குமா? ஒரு தடவ உருகிட்டா புதுசுதான் போடணும், அதே கம்பெனிது. உருகலேன்னாக்கூட நடுவுல உள்ள அந்த வட்டம் கறுத்துட்டாலோ, குழிஞ்சாலோ, புடைச்சாலோ மாத்தணும். ஒண்ணுமே ஆகலேன்னாலும் ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்க மாத்திட்டா நிம்மதி. இந்தாங்க." ஒரு சின்ன அட்டைப் பெட்டியை எடுத்து வைத்தாள். "புதுசப் போடுததுக்கு முன்னால குழாயக் குத்தி விடுங்க. மூடிய வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, குழாய் வழியாப் பாக்கணும். மறுபக்கம் வெளிச்சம் தெரியணும். தினமும் பாக்கணும். பருப்பு பாதிக்கு மேல ரொப்பப்படாது, ஒரு சொட்டு எண்ணெய் விட்டா நுரை அடங்கும். வெயிட்ட மூடின உடனே போடாதீய. குழாய்ல ஆவி நல்லா வரட்டும், பொறவு போடுங்க. ஆவி வரலேன்னா அங்கனயே தெரிஞ்சிரும்லா?"

ரமாபாய் பறந்துகொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள். அதுதான் தப்பாகப் போயிற்று. வாயை மூடிக்கொண்டு முதலில் மூடியை எடுத்துக் குழாயைப் பார்த்திருக்க வேண்டும்.

"பாத்திரக்கடக்காரி பாயிலர்காரனுக்குப் பாடம் எடுக்கறாளா?" வரதன் எழுந்து நின்றுவிட்டான். "எர்நூத்தி நாப்பது பேரு எழுதுன பரீச்சையில நாப்பது பேரு பாஸு. அதுல நான் ஒர்த்தன். த பாரு, நாளிக்கு ஞாயித்துக்கெயம. நானே ஆக்கறேன். பட்டம்மாக்காவயும் கூப்புடறேன். ஒயுங்கா தண்ணி வெச்சா ஒண்ணும் ஆவாதுன்னு அல்லாரு முன்னாலயும் காட்றேன். அது வரிக்கும் நீ தொடக் கூடாது."

குக்கர் மூடியை எடுத்துக்கொண்டு போய் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினான். சாவி அரைஞாண் கயிற்றுக்குப் போயிற்று. குக்கர் பானையில் ஒரு அட்டை கட்டினான்: "தொடாதே. ஆள் வேலை செய்கிறார்." கம்பெனியில் மெஷின் ரிப்பேரானால் கட்டுகிற அட்டை அது. ரமாபாய் புதுப் பிளக் இருந்த அட்டைப் பெட்டியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். இந்த மனுஷனை என்ன செய்வது என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. பயமும் கூடவே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பட்டம்மாளுக்குக் கூடத்தில் நாற்காலி போட்டிருந்தது. அவளோடு குழுப் பெண்கள் இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். வரதன் கம்பெனி காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுக்களைக்குள் நின்றான். பருப்பை அள்ளி அள்ளிப் போட்டான், விருந்தாளி இருக்கிறார்களே. தண்ணீரை ஊற்றி ஸ்கேலை விட்டு ஆழம் பார்த்தான். முக்கால் குக்கர் நிறைந்துவிட்டது.

"ரொம்ப ரொப்பாதய்யா. குயாய ஒரு தபா வெளிச்சத்துல பாத்துட்டு மூடு" என்றாள் ரமாபாய்.

"ஆபரேட்டர் கையில குடுத்தாச்சின்னா மத்தவங்க பேசக் கூடாது."

மூடினான். மூடின கையோடு வெயிட்டையும் போட்டான். அடுப்பைப் பெரிசாக வைத்தான். லாக் ஷீட்டில் நேரம் எழுதினான்.

அஞ்சு நிமிஷம். வரதன் பாயிலரைப் பற்றிப் பேசினான். பத்து நிமிஷம். "பாருக்கா, ஓரத்துல ஒரு பொட்டு ஆவி கீதா? அதான் கேஸ்கட்டு வேல" என்றான். பட்டம்மாள் தலையாட்டினாள். ரமாபாய் வாசல்படியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஓரத்திலும் ஆவி இல்லை, விசிலும் இல்லை. வெயிட் ஒரு நூல்கூட ஆடவில்லை. போன தடவையும் இதே அமைதிதான். ஆனால் போன தடவை உருகுகிறதுக்கு ஒரு பிளக் இருந்தது.

"யோவ், நிறுத்துய்யா."

"இரு, ஸ்டீம் பத்தல. இன்னும் கொஞ்சம் தீய ஏத்தணும்" என்று அவன் அடுப்பை நோக்கிக் குனிந்தான்.

அதற்கு மேல் அவள் பொறுக்கவில்லை. கேஸ் சிலிண்டர் அடுக்களை வாசலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஒரே எட்டில் குனிந்து ரெகுலேட்டரைத் திருகி மூடினாள். அடுப்பு அணைந்தது. வரதனின் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்தாள், "மகிழு, அல்லாரும் வெளிய போங்க!" என்று கத்தினாள்.

"யார கேட்டு நிறுத்துன? பாயிலர நிறுத்தறதுக்கு ஆபரேட்டர் கையெயுத்து வேணும்!"

"கையெயுத்து அப்பால போட்டுக்கலாம். மொதல்ல கை மிஞ்சட்டும்."

நாலு பேருக்கு முன்னால் பெண்டாட்டி காலரைப் பிடித்தால் எந்த ஆம்பிளைக்குத்தான் ரோஷம் வராது? கால் மணி நேரம் நடைபாதையில் முறைத்துக்கொண்டு நின்றான். அப்புறம் "உள்ள பிரஷரே இல்ல, சும்மா டபாய்க்கிறா" என்று முணுமுணுத்துக்கொண்டு, அவள் தடுப்பதற்குள் உள்ளே நுழைந்துவிட்டான். கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கினான். ஒரு துளி ஆவி வரவில்லை.

"பாத்தியா? காலி!" என்று திரும்பிப் பார்த்துச் சொல்லிக்கொண்டே மூடிக் கைப்பிடியை விடுவித்து அழுத்தினான். உள்மூடிக் குக்கர் அது. உள்ளே பிரஷர் இல்லையென்றால் லேசாக அழுத்தினாலே மூடி இறங்கிவிடும். இறங்கவில்லை. மறுபடி அழுத்தினான். மூடி கல்லாக நின்றது.

வரதன் கையை எடுத்தான்.

வெயிட்டைத் தூக்கினால் ஆவி இல்லை. மூடியோ அசையவில்லை. இது இரண்டும் சேர்ந்தால் என்ன அர்த்தம் என்று ஒரு பாயிலர்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் மூன்று அடி பின்னால் வந்தான், அப்புறம் இன்னும் மூன்று அடி, நடைபாதைக்கே வந்துவிட்டான். காக்கிச் சட்டை முதுகில் ஒட்டிப்போயிருந்தது.

"ஆறட்டும்" என்றான் மெதுவாக. "யாரும் கிட்ட போவாதீங்க."

ஒரு மணி நேரம் யாரும் போகவில்லை. பட்டம்மாள் நாற்காலியை நடைபாதையில் போட்டு உட்கார்ந்துவிட்டாள். முழுக்க ஆறின பிறகு மூடி தானாகவே தளர்ந்து இறங்கிற்று. வரதன் திறந்தான். பருப்புக்கு மேலே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் அப்படியே நின்றது. ரமாபாய் அவன் கையிலிருந்து மூடியை வாங்கி, கழுவி, ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"பாரு."

குழாய்க்குள் இருட்டாக இருந்தது. விளக்குமாற்றிலிருந்து ஒரு குச்சியை உருவி அவள் குத்தினாள். காய்ந்து கட்டியான பருப்புத் தோல், மஞ்சளாய், அவன் உள்ளங்கையில் விழுந்தது. இப்போது குழாய் வழியே ஜன்னல் வெளிச்சம் வட்டமாகத் தெரிந்தது.

அவன் பீரோவைத் திறந்து தன் ஸ்டீம் டேபிளை எடுத்தான். பரீட்சைக்குப் படித்த புத்தகம், எந்தச் சூட்டில் ஆவிக்கு எவ்வளவு பிரஷர் என்று பக்கம் பக்கமாக இருக்கும். கண்ணாடியில் வியர்வை படிந்து எழுத்து தெரியவில்லை. மகிழினியிடம் நீட்டினான்.

"எர்நூத்தி முப்பத்திரெண்டு டிகிரிக்கு நேரா இன்னா போட்டுகீது, பாரு."

அவள் விரல் வைத்துத் தேடினாள். "இருவத்தெட்டு கிலோவுக்கு மேல போட்டுக்குதுப்பா." புத்தகத்திலிருந்து நிமிர்ந்தாள். "ஒங்க பாயிலரு எத்தினி?"

"பத்தர."

கம்பெனியையே ஓட்டுகிற பாயிலர் பத்தரைக் கிலோ. அவன் கையால் போட்ட மின்னுகிற பிளக் உருக வேண்டுமானால், பருப்பு வேகவைக்கிற குக்கருக்குள் அதைப்போல இரண்டரைப் பங்குக்கும் மேல் ஏற வேண்டும். அது வரைக்கும் அந்த அலுமினியம் தாங்கவா போகிறது? எல்லாம் சேர்ந்து வெடித்திருக்கும்.

"ஆறு நாளு" என்றாள் ரமாபாய். "ஆறு நாளு அது முன்னால நின்னு ஆக்குனேன்யா. நான் பெத்த பொண்ணு பக்கத்துல நின்னுகினு இருந்திச்சி. நீ தினம் வந்து தண்ணி எத்தினி டம்ளருன்னு பாத்துகினு இருந்த."

வரதன் ஸ்பேனரை எடுத்துத் தகரப் பிளக்கைக் கழற்றினான். ரமாபாய் தலையணைக்கு அடியிலிருந்து அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். புதுசைப் போட்டு முடுக்கினான். அதற்கப்புறம் அவள் லாக் ஷீட்டைச் சுவரிலிருந்து எடுத்து, பேனாவோடு நீட்டினாள்.

லாக் புக்கில் எழுதினதை அழிக்கக் கூடாது என்பது பாயிலர் அறைச் சட்டம். ஒரே கோடாக அடிக்க வேண்டும், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். வரதன் முதல் வரியை ஒரே கோடாக அடித்தான். பக்கத்தில் எழுதினான்: "தண்ணீர் இருந்தது. குழாய் அடைப்பு."

"ஆபரேட்டர் கவனக்குறைவு அடிச்சிட்டியே" என்றாள் ரமாபாய். "அது நெஜந்தானே? பேர மட்டும் போடு."

வரதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டான். அப்புறம் புது வரியில் "ஆபரேட்டர் கவனக்குறைவு" என்று எழுதி, கீழே சர்டிஃபிகேட்டில் இருக்கிற மாதிரியே இனிஷியலோடு தன் பேரை எழுதினான்.

"பட்டம்மாக்கா" என்றான், நடைபாதையைப் பார்த்து. பட்டம்மாளுக்குக் கேட்கவில்லை, எழுந்து வாசலுக்குப் போய் உரக்கவே சொல்ல வேண்டியிருந்தது. "அக்கா, தண்ணி இருந்திச்சி. அன்னிக்கும் இருந்திச்சி. அவ ஒயுங்காத்தான் ஊத்திகீறா."

புத்த பூர்ணிமாவுக்கு இருநூறு பேர் சாப்பிட்டார்கள். சாம்பார் ரமாபாய். வெங்காயத்துக்குத்தான் ஏற்கெனவே ஒரு ஆள் போட்டிருந்ததே, அந்த இடம் காலியாகக் கூடாது என்று பட்டம்மாள் சொல்லிவிட்டாள். விகாரைக்குப் பின்னால் ஒரு சாக்குமேல் குந்திக்கொண்டு, பாயிலர் அட்டெண்டண்ட் வரதன் பத்து கிலோ சின்ன வெங்காயத்தைக் காலையிலிருந்து உரித்தான்.